கழுத்து ஒடியாமல் தலை நிமிர்த்தல்

வைட்ஃபீல்டில் ஐ.டி.பி.எல். பக்கமும் ஹோப் ஃபார்ம் சந்திப்பிலும் உள்ள ஸ்டுடியோக்களுக்கு, அலுவலக நாற்காலியிலிருந்து எழுந்து நேராகப் படம் எடுக்க வருபவர்கள் உண்டு. நிறுவனத்தின் இணையப் பக்கத்துக்கு ஒரு படம், வேலைக்கு விண்ணப்பிக்க ஒரு படம், ஊரில் வரன் பார்க்க ஒரு படம். முகம் நன்றாக விழுந்திருக்கும், சிரிப்பும் சரியாக இருக்கும். ஆனால் தோள் முன்னால் குவிந்து, தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். "கொஞ்சம் நிமிர்த்திக் கொடுங்க" என்ற வேண்டுகோள் அங்கேதான் பிறக்கிறது.

திருத்துபவர் அவசரப்பட்டால் தலையை மட்டும் வெட்டித் திருப்பி வைப்பார், தோளைப் பிரஷ்ஷால் மேலே தள்ளுவார். தலை நேராகிவிடும். ஆனால் தாடைக்குக் கீழே கழுத்து ஒடிந்தாற்போல் தெரியும், சட்டையின் கோடுகள் அலையலையாக நெளியும். பார்ப்பவருக்கு என்ன தப்பு என்று சொல்லத் தெரியாது. "ஏதோ ஒட்டவைத்த மாதிரி இருக்கிறது" என்பார்.

ஒரு பகுதியை நகர்த்துவதால் படம் சிதைவதில்லை. அதற்குப் பக்கத்தில் இருப்பது அதே அளவுக்கு நகராதபோதுதான் சிதைகிறது. ஆகவே எதை எவ்வளவு நகர்த்தினோம் என்பதைவிட, நகர்ந்த இடத்துக்கும் நகராத இடத்துக்கும் நடுவிலுள்ள வேறுபாட்டை எங்கே, எத்தனை தூரத்துக்குப் பரப்பினோம் என்பதே முக்கியம். கழுத்து, தோள், சட்டை மூன்றுக்கும் இந்த ஒரே விதிதான். ஒரு மாதிரிப் படத்தை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

முதலில் அளவு

படம் 4000 பிக்சல் அகலம், 6000 பிக்சல் உயரம். கோடு போட்ட சட்டை அணிந்த ஓர் இளைஞர், இடுப்புவரை தெரிகிறார். பின்னால் ஒரு கதவு நிலை. கழுத்தில் அலுவலக அடையாள அட்டையின் நாடா. இரண்டு கண்மணிகளுக்கும் இடையே கிடைமட்டமாக 480 பிக்சல், செங்குத்தாக 59 பிக்சல் வேறுபாடு. 59ஐ 480ஆல் வகுத்து அதன் கோணத்தைப் பார்த்தால் 7 பாகை வருகிறது.

இந்த 7 பாகையும் தலையின் சாய்வுதான் என்று எடுத்துக்கொண்டால் முதல் அடியே தவறு. கதவு நிலையை அளந்தால் அதுவும் அதே பக்கம் 1 பாகை சாய்ந்திருக்கிறது. அது கேமரா பிடித்த கையின் சாய்வு. முழுப் படத்தையும் 1 பாகை திருப்பினால் அது தீர்ந்துவிடும். முழுப் படமும் ஒன்றாகத் திரும்புவதால் எதுவும் சிதையாது. இப்போது கண்களின் சாய்வு 6 பாகை.

அடுத்து உடம்பு. சட்டையின் பொத்தான் பட்டி செங்குத்தாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பட்டியும் சாய்ந்திருந்தால் முதுகெலும்பே ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பொருள். இந்தப் படத்தில் பட்டி நேராக நிற்கிறது, ஆனால் தோள்முனைகளை இணைக்கும் கோடு 2 பாகை சாய்ந்திருக்கிறது. அதாவது உடம்பு நேர்தான், ஒரு தோள் மட்டும் இறங்கியிருக்கிறது. தோள்பட்டை எலும்பு விலாக்கூட்டின் மேல் தசைகளால் தாங்கப்பட்டுத் தனியே ஏறி இறங்கக் கூடியது என்பதால் இது சாதாரணமாக நடப்பதே. உடம்பை முழுதாகத் திருப்பினால் நேராக இருந்த பொத்தான் பட்டி கோணிவிடும். எனவே தோளை மட்டும் தொட வேண்டும்.

மீதி தலை. கண்களின் கோட்டை மட்டும் நம்பக் கூடாது. பலருக்குத் தலை நேராக இருக்கும்போதே ஒரு கண் சற்று மேலே இருக்கும். வாய் ஓரங்களை இணைக்கும் கோட்டையும், புருவ நடுவிலிருந்து தாடை நுனிவரை இறங்கும் கோட்டையும் அளந்து, மூன்றும் ஏறக்குறைய ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒத்துப்போனாலும் 6 பாகையையும் எடுத்துவிடுவது நல்லதல்ல. உருவப்படத்தில் அளவுகோல் வைத்தாற்போல் நிற்கும் தலை விறைப்பாகத் தெரியும். 4.5 பாகை திருப்பி, 1.5 பாகையை அவருடைய இயல்புக்காக விட்டுவிடலாம்.

எங்கே வைத்துத் திருப்புவது?

கழுத்து கதவுக் கீல் அல்ல. அதில் ஏழு எலும்புகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. தலை பக்கவாட்டில் சாயும்போது அந்தச் சாய்வு ஒரே மூட்டில் நிகழாமல் எலும்புக்கு எலும்பு சிறிது சிறிதாகப் பங்கிடப்படுகிறது. கழுத்து ஒரு வில்லாக வளைகிறது.

ஒரு தண்டு சீராக வளைந்தால் அதன் மேல்முனை எங்கே போய்ச் சேரும் என்பதை வடிவியல் சொல்கிறது. சிறிய கோணங்களுக்கு அது அந்தத் தண்டின் நடுப்புள்ளியை மையமாக வைத்துத் திரும்பியது போலவே இருக்கும். அடிமுனையும் மையம் அல்ல, மேல்முனையும் மையம் அல்ல. கழுத்தின் ஏழு எலும்புகளில் நடுவில் இருப்பது நான்காவது. அது முன்பக்கம் குரல்வளை மேட்டின் மேல்விளிம்பு உயரத்தில் இருக்கிறது. எனவே தலையைத் திருப்ப வேண்டிய மையம் குரல்வளை மேடுதான். ஆண்களின் படத்தில் அது கண்ணுக்கே தெரியும். பெண்களின் படத்தில் தாடைக்கும் கழுத்துக்குழிக்கும் இடையில் மதிப்பிட்டு வைத்துக்கொள்ளலாம்.

தாடையில் மையத்தை வைத்துத் திருப்பினால் தாடை இருந்த இடத்திலேயே நிற்கும், மண்டை மட்டும் ஆடும். உடம்புக்கு மேலே தலை ஒரு பக்கம் தள்ளி வைக்கப்பட்டதாகத் தெரியும். கழுத்துக்குழியில் மையத்தை வைத்தால் கழுத்து முழுவதும் கம்பு போலச் சாய்ந்து, காலரோடு சேரும் இடத்தில் ஒடியும்.

நம் படத்தில் எண்களைப் போடுவோம். வளர்ந்தவர்களின் கண்மணிகளுக்கு இடையே சராசரியாக 63 மில்லிமீட்டர் இருக்கும். அதை வைத்தால் இந்தப் படத்தில் ஒரு சென்டிமீட்டர் என்பது ஏறத்தாழ 77 பிக்சல். தாடை நுனி குரல்வளை மேட்டுக்கு 5 சென்டிமீட்டர் மேலே இருக்கிறது. 4.5 பாகை திரும்பும்போது அது சுமார் 30 பிக்சல் நகர வேண்டும். புருவ நடு 18 சென்டிமீட்டர் மேலே இருப்பதால் சுமார் 110 பிக்சல். உச்சந்தலை 27 சென்டிமீட்டர் மேலே, சுமார் 160 பிக்சல். மேலே போகப் போக நகர்வு உயரத்துக்கு ஏற்ற விகிதத்தில் கூடுவதைக் கவனியுங்கள். இந்த விகிதம் குலையாதவரை முகம் துளியும் சிதையாது.

சிதைவு முழுவதையும் கழுத்து வாங்கிக்கொள்கிறது. அதுவும் எவ்வளவு? கழுத்தின் நடுக்கோட்டிலிருந்து ஓரம் வரை சுமார் 6 சென்டிமீட்டர், 460 பிக்சல். 4.5 பாகை வளைவுக்கு ஓர் ஓரம் 36 பிக்சல் நீள வேண்டும், மறு ஓரம் 36 பிக்சல் சுருங்க வேண்டும். காதுமடலுக்குக் கீழிருந்து காலர் வரை உள்ள 690 பிக்சலுக்கும் இதைப் பரப்பினால் நீட்சி 5 சதவீதம்தான். உண்மையான தோலும் தலையைச் சாய்த்து நிமிர்த்தும்போது இப்படி நீண்டு சுருங்குவதுதான், கண் அதை ஏற்றுக்கொள்ளும். அதே 36 பிக்சலைத் தாடைக்கு அடியில் 200 பிக்சலுக்குள் அடக்கினால் நீட்சி 18 சதவீதம். தோலின் துளைகள் நீள்வட்டமாகும், ஒரு பக்கம் மடிப்பு விழும். கழுத்து ஒடிந்தாற்போல் தெரிவது இதனால்தான்.

வலையும் பின்னும்

இந்தப் பரப்பும் வேலையைக் கணினி எப்படிச் செய்கிறது? 2005ஆம் ஆண்டு சிக்ராஃப் மாநாட்டில் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் தகேயோ இகராஷியும், அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டோமர் மாஸ்கோவிச், ஜான் ஹியூஸ் ஆகியோரும் ஒரு முறையை முன்வைத்தார்கள். உருவத்தின் மேல் சிறு முக்கோணங்களாலான வலை ஒன்று விரிக்கப்படுகிறது. சில புள்ளிகளைப் பயனர் பிடித்துக்கொண்டு இழுக்கிறார். ஒவ்வொரு முக்கோணமும் திரும்பலாம், நகரலாம், ஆனால் தன் வடிவத்தைக் கூடியவரை காப்பாற்றிக்கொள்ள வேண்டும். எல்லா முக்கோணங்களின் சிதைவையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகை மிகக் குறைவாக இருக்கும் அமைப்பைக் கணினி கண்டுபிடிக்கிறது.

2010இல் வெளிவந்த போட்டோஷாப் சி.எஸ்.5இல் சேர்க்கப்பட்ட `Puppet Warp` இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த கருவி. ஆனால் அதற்குக் கழுத்து எது, சட்டை எது என்று தெரியாது. முழு உருவமும் அதற்கு ஒரே தன்மையுள்ள ரப்பர் தாள். எது கெட்டி, எது வளையும் என்பதைப் பின் குத்தித்தான் நாம் சொல்ல வேண்டும்.

முதலில் ஆளைப் பின்னணியிலிருந்து பிரித்துத் தனி லேயராக்க வேண்டும். அடியில் உள்ள லேயரில் ஆள் நின்ற இடத்தைப் பின்னணியால் நிரப்பிவிட வேண்டும். இதைச் செய்யாமல் இழுத்தால் தோளோடு கதவு நிலையும் வளையும், பழைய தோளின் ஓரம் பின்னால் எட்டிப் பார்க்கும். பிரித்த லேயரை `Smart Object` ஆக மாற்றிக்கொண்டால் பின்களைப் பிறகும் திருத்தலாம்.

நகரக் கூடாதவற்றுக்கு முதலில் பின்: இரண்டு தோள்முனைகள், காலரின் இரண்டு ஓரங்கள், கழுத்துக்குழி, இடுப்பின் இரு பக்கங்கள். பிறகு தலைக்குப் புருவ நடுவிலும் தாடையிலும் உச்சியிலும் பின். தலையின் மூன்று பின்களையும் மேலே சொன்ன 110, 30, 160 பிக்சல் கணக்கில், ஒரே கோணத்தில் நகர்த்த வேண்டும். `Mode` என்ற இடத்தில் `Rigid` வைத்தால் முகம் இளகாது. கழுத்தின் நடுவில் மட்டும் பின்னே குத்தக் கூடாது. அங்கே பின் இருந்தால் வலைக்குப் பரப்ப இடம் இல்லாமல் போகும். நாம் கட்டிப் போடாத இடம்தான் வளையும் இடம்.

தோளைத் தூக்கினால் கூன் போகாது

கூனலைத் திருத்துபவர்கள் செய்யும் பெரிய தவறு தோளை மேலே தூக்குவது. உண்மையில் ஒருவர் நிமிரும்போது தோள் உயர்வதில்லை. மார்பு உயர்கிறது, தலை பின்னால் போகிறது, தோள்கள் பின்னாலும் கீழுமாக இறங்குகின்றன. காதுக்கும் தோளுக்கும் நடுவே இடம் கூடுகிறது. படத்தில் தோளை மட்டும் தூக்கினால் அந்த இடம் குறையும். நிமிர்ந்தவராகத் தெரிய வேண்டியவர் தோளைக் குலுக்குபவராகத் தெரிவார்.

எனவே நகர்த்த வேண்டியது காலர், கழுத்து, தலை மூன்றையும் ஒன்றாக. நம் படத்தில் இவற்றை 60 பிக்சல், அதாவது சுமார் 8 மில்லிமீட்டர், மேலே ஏற்றினால் போதும். இடுப்பு அசையாமல் நிற்க, இந்த 60 பிக்சல் மார்பின் 2900 பிக்சல் நீளத்துக்கும் பரவுகிறது. நீட்சி 2 சதவீதம், கண்ணுக்குத் தெரியாது. கழுத்து சேர்ந்தே மேலே போவதால் அது நீளவே இல்லை. தோள்முனைகளை மேலே ஏற்றாமல் இரு பக்கமும் 40 பிக்சல் வெளியே நகர்த்தினால், குவிந்திருந்த தோள் விரிந்ததாகத் தெரியும்.

அடுத்தது தலையின் அளவு. கூனியவரின் தலை உடம்பைவிடக் கேமராவுக்கு அருகில் இருக்கிறது. கேமரா ஒன்றரை மீட்டர் தொலைவில் இருந்து, தலை 6 சென்டிமீட்டர் முன்னால் நீண்டிருந்தால், அது 4 சதவீதம் பெரிதாகப் பதிவாகும். தலை பெரிதாக, கழுத்து குட்டையாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். தாடையை நிலையாக வைத்துத் தலையை 2 அல்லது 3 சதவீதம் சுருக்கினால், கழுத்தை இழுக்காமலே கழுத்து நீண்டதாகத் தெரியும். உச்சந்தலையை நிலையாக வைத்துச் சுருக்கக் கூடாது. அப்போது தாடை மேலே ஏறி, கழுத்தையும் தன்னோடு இழுக்கும்.

இறங்கிய தோளின் கணக்கு எஞ்சியிருக்கிறது. தோள்முனைகளுக்கு இடையே 2900 பிக்சல், 2 பாகைச் சாய்வுக்கு 101 பிக்சல் உயர வேறுபாடு. தாழ்ந்த தோளை 50 பிக்சல் ஏற்றி, உயர்ந்த தோளை 25 பிக்சல் இறக்கினால் மிச்சம் அரை பாகை. முழு வேலையையும் ஒரே தோளில் சுமத்தாமல் இரண்டுக்கும் பங்கிட்டால் துணிக்கும் சிரமம் குறையும்.

துணி சொல்லும் சாட்சி

சட்டைக் கோடுகள் இங்கேதான் காட்டிக்கொடுக்கும். `Liquify` கருவியில் 300 பிக்சல் பிரஷ்ஷால் தோள்முனையை 50 பிக்சல் தள்ளினால், அந்த 50 பிக்சல் வேறுபாடு 300 பிக்சலுக்குள் தீர்ந்தாக வேண்டும். அங்குள்ள கோடுகள் 9 பாகைக்கு மேல் கோணும். நேராக வந்த கோடு திடீரென்று முறியும். அதே 50 பிக்சலைக் காலர் ஓரத்திலிருந்து தோள்முனை வரை 1200 பிக்சலுக்குப் பரப்பினால் கோணல் 2.4 பாகை மட்டுமே, அதுவும் சீராக. தோளின் அசைவு ஒன்றுதான், துணியின் கதி வேறு. பிரஷ் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது என்று கைப்பழக்கமுள்ளவர்கள் சொல்வதன் காரணம் இதுதான்.

பரப்ப முடியாத இடத்தில் தையலை நாடலாம். தோள்தையலிலும் கைத்தையலிலும் கோடுகள் எப்படியும் திசை மாறுகின்றன. வேறுபாடு அங்கே விழுந்தால் கண் அதைத் தையல் என்றே எடுத்துக்கொள்ளும். சட்டைப் பையின் நடுவிலோ காலரின் நுனியிலோ விழுந்தால் உடனே தெரிந்துவிடும்.

மடிப்புகளும் பேசும். கூனியிருக்கும்போது அக்குளிலிருந்து மார்பை நோக்கிச் சாய்வான மடிப்புகள் விழும். நிமிர்ந்தால் அவை இழுபட்டுத் தளரும். வடிவம் நிமிர்ந்து, மடிப்பு கூனியபடியே இருந்தால் படம் தன்னைத்தானே மறுக்கும். அதற்காக மடிப்பை அழித்துவிடக் கூடாது, துணி பிளாஸ்டிக்காகிவிடும். மடிப்பின் இருண்ட பக்கத்தைத் தனி லேயரில் மென்மையாக வெளிறச் செய்து, ஆழத்தை மட்டும் குறைத்தால் போதும். கழுத்தின் சுருங்கியிருந்த பக்கத்தில் உள்ள கோடுகளுக்கும் இதே வைத்தியம்.

பெண்களின் படத்தில் இன்னொன்று சேர்கிறது. காதில் தொங்கும் ஜிமிக்கி கொத்தனாரின் தூக்குக்குண்டு செய்யும் வேலையைச் செய்கிறது. தலை எவ்வளவு சாய்ந்தாலும் அது நேர்கீழாகவே தொங்கும். தலையை 4.5 பாகை திருப்பினால் ஜிமிக்கியும் கூடவே திரும்பி, காற்றில் ஒதுங்கியது போல் சாய்ந்து நிற்கும். அதைத் தனியே எடுத்து, காதின் துளையை மையமாக வைத்து, மறுபக்கம் அதே 4.5 பாகை திருப்ப வேண்டும். தோள்வரை விழும் கூந்தலுக்கும், பின்னலிலிருந்து தொங்கும் மல்லிகைச் சரத்துக்கும் இதுவே விதி. காதுவரை உள்ள முடி தலையோடு திரும்பலாம், அதற்குக் கீழே தொங்குவது திரும்பக் கூடாது. பட்டுப்புடவையில் தோள்மடிப்பின் ஜரிகைக் கரை சட்டைக் கோட்டைவிடக் கண்டிப்பானது. அது விழும் தோளை அசைக்காமல், மறு தோளை மட்டும் சரிசெய்வது பல நேரங்களில் நல்ல முடிவு.

சரிபார்ப்பதும் நிறுத்துவதும்

வேலை முடிந்ததும் படத்தை இடவலமாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். நெடுநேரம் பார்த்துப் பழகிய கண் தவறை மறந்துவிடும். கண்ணாடிப் பிம்பமாக மாறியதும் கழுத்தின் கோணல் உடனே புலப்படும். பிறகு பழைய படத்தையும் புதியதையும் மாற்றி மாற்றிக் காட்டி மூன்று இடங்களைக் கவனிக்க வேண்டும். கதவு நிலை அசைகிறதா? அடையாள அட்டையின் நாடா இரு பக்கமும் இன்னும் நேர்கோடாக இறங்குகிறதா? கழுத்தின் அகலம் தாடைக்குக் கீழும் காலருக்கு மேலும் முன்பிருந்த விகிதத்திலேயே இருக்கிறதா? கடைசியாகப் படத்தை 100 சதவீத அளவில் வைத்துக் கழுத்துத் தோலின் துளைகளைப் பார்க்க வேண்டும். ஒரே திசையில் நீண்டிருந்தால் வேறுபாடு குறுகிய இடத்தில் குவிந்துவிட்டது என்று பொருள்.

இந்த முறைக்கு எல்லை உண்டு. தலையின் சாய்வு 10 பாகையைத் தாண்டினால் கழுத்து ஓரத்தின் நீட்சி 12 சதவீதத்தை நெருங்கும். தாடையின் நிழலும் கழுத்தில் தவறான பக்கம் விழுந்ததாகத் தெரியத் தொடங்கும். தோள் மிகவும் முன்னால் குவிந்திருந்தால் கையே உட்புறமாகத் திரும்பியிருக்கும். அப்படிப் பதிவான கையின் மறுபக்கம் படத்தில் இல்லவே இல்லை. இல்லாததை இழுத்துக் கொண்டுவர முடியாது. அப்போது வந்தவரை மீண்டும் நிற்க வைத்து, தோளைப் பற்றிப் பேசாமல் மார்பை மட்டும் உயர்த்தச் சொல்லி எடுப்பதுதான் வழி. கடவுச்சீட்டுப் படத்தில் இந்த வேலை எதுவுமே கூடாது. கணினியில் திருத்திய முகத்தைப் பன்னாட்டுப் பயண ஆவண விதிகள் ஏற்பதில்லை.

ஒன்றைக் கேட்டுக்கொண்ட பிறகே தொடங்க வேண்டும்: இந்தச் சாய்வு அன்றைய களைப்பா, அவருடைய உடம்பா? முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்தவருக்குத் தோள் இறங்கியிருப்பது அவருடைய உருவம். கண்ணை அசைக்கும் நான்காம் மண்டை நரம்பு பலவீனமானவர்கள், உருவம் இரண்டாகத் தெரியாமல் இருக்கத் தலையைத் தாங்களே அறியாமல் ஒரு பக்கம் சாய்த்துப் பழகியிருப்பார்கள். அப்படிச் சாய்வோடு ஒருவர் வரும்போது கண் மருத்துவர்கள் அவருடைய பழைய குடும்பப் படங்களைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது வழக்கம். சிறு வயதுப் படத்திலேயே தலை அதே பக்கம் சாய்ந்திருந்தால் குறை நெடுநாளையது. படங்களில் இல்லாமல் புதிதாகத் தோன்றியிருந்தால் அண்மையில் ஏதோ நேர்ந்திருக்கிறது, காரணத்தைத் தேட வேண்டும்.

இந்தச் சோதனைக்கு வேண்டியது திருத்தாத படம். ஆகவே நிமிர்த்திய படத்தை எத்தனை அழகாக முடித்தாலும், கேமராவிலிருந்து வந்த கோப்பை அழிக்காமல் தேதியோடு வைத்திருந்து, கேட்டவருக்கு இரண்டையும் கொடுத்துவிட வேண்டும்.